மல்லிகாவின் அப்ரைசலைத் திருப்பி அனுப்பியது ஏன்

“பார்வைக் குறைபாடு இருந்தும் மிகவும் சிரமப்பட்டு உழைக்கிறார். வேகம் போதாது. மாதக் கடைசியில் நேரத்தோடு கிளம்பிவிடுகிறார். கடினமான பில்களைக் கையாள இயலாது.”

2025 ஏப்ரலில் கணக்குப் பிரிவிலிருந்து என் மேசைக்கு வந்த அப்ரைசல் படிவத்தில் இருந்த வரிகள் இவை. ஐந்துக்கு 2.6 மதிப்பெண். எங்கள் நிறுவனத்தில் மூன்றுக்குக் கீழே போனால் வழக்கமான சம்பள உயர்வு பாதியாகிவிடும். படிவத்தில் மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனிதவளப் பிரிவில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

நிறுவனம் புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருக்கிறது. அட்டைப்பெட்டி செய்கிறோம், ஏறக்குறைய 140 பேர் வேலை பார்க்கிறோம். படிவத்துக்கு உரியவரை மல்லிகா என்று வைத்துக்கொள்வோம், அது அவருடைய பெயர் அல்ல. வில்லியனூர்க்காரர். சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றுவது அவர் வேலை. அதே வேலையில் இன்னொருவரும் உண்டு, அவரைச் சக ஊழியர் என்றே சொல்கிறேன். மல்லிகாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரைக் குறைபாடு. இது இங்கே எழுதப்படுவது அவர் சம்மதத்தோடுதான்.

எனக்கு உறுத்தியது 2.6 அல்ல, அந்த முதல் வரி. பார்ப்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அதில் வேலை எங்கே இருக்கிறது? “சிரமப்பட்டு” என்று எழுதியவர் எந்த வேலையில், எந்தச் சிரமத்தைப் பார்த்தார்?

மேலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “இது நீங்க பார்த்து எழுதினதா சார், இப்படித்தான் இருக்கும்னு எழுதினதா?” நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வேகம் பார்த்து எழுதினது. மத்தது...” என்று இழுத்தார்.

நான்கு வரிகளையும் ஆதாரத்தோடு வைத்துப் பார்த்தபோது

மாதக் கடைசி விஷயத்தை முதலில் எடுத்தோம். வருகைப் பதிவைப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். மற்றவர்கள் எட்டு மணிவரை இருக்கும் நாட்களிலும் மல்லிகா ஐந்தரைக்குள் கிளம்பியிருக்கிறார். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதலில் போவது மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் திறன். டிசம்பரில் புதுச்சேரியில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. இருட்டிவிட்டால் பஸ்ஸின் பெயர்ப்பலகையும் தெரியாது, படியும் தெரியாது.

ஆனால் அது காரணம் மட்டுமே. அப்ரைசலில் கேட்கவேண்டியது வேறு. அவர் பொறுப்பில் இருந்த மாத முடிவுப் பட்டியல், அதாவது சரக்கு வந்து பில் வராதவற்றின் பட்டியல், அடுத்த மாதம் இரண்டாவது வேலைநாளுக்குள் வந்ததா? பன்னிரண்டு மாதத்தில் பதினொரு முறை வந்திருக்கிறது. தவறிய ஒன்று நவம்பர் மாதப் பட்டியல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஊரே தண்ணீரில் கிடந்தது. அந்த வாரம் கணக்குப் பிரிவில் ஒருவர் பட்டியலும் நேரத்துக்கு வரவில்லை. ஆக, “நேரத்தோடு கிளம்பிவிடுகிறார்” என்பது உண்மையான தகவல், ஆனால் வேலையின் விளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிட்டோம்.

“கடினமான பில்களைக் கையாள இயலாது” என்பதைத் தோண்டினால் வேறொரு கதை வந்தது. லாரி வாடகை ரசீதுகள் கையால் எழுதப்பட்டு, கார்பன் மங்கி, எண்ணெய்க் கறையோடு வரும். ஆகஸ்டில் மேலாளர் அவற்றை மல்லிகாவிடமிருந்து எடுத்துச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டார். பரிவோடுதான் செய்தார், ஆனால் யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. பதிலுக்கு எந்த வேலையையும் மாற்றித் தரவில்லை. மல்லிகாவுக்குத் தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டதாக வருத்தம். சக ஊழியருக்கு “அவங்க வேலையும் என் தலையில” என்று கடுப்பு. அப்புறம் ஏப்ரலில் அதே மேலாளர், தானே எடுத்துக்கொண்ட வேலையை “இயலாது” என்று எழுதியிருக்கிறார்.

இதை மட்டும் அடித்துவிட்டுப் போக முடியாது. வேலையை மாற்றித் தருவதே ஒரு நியாயமான ஏற்பாடுதான், ஆனால் வெளிப்படையாக, ஈடு கட்டிச் செய்திருக்க வேண்டும். டிசம்பரில்தான் அது ஒழுங்கானது. லாரி ரசீது முழுக்கச் சக ஊழியருக்கு. அதற்கு ஈடாக, இருவர் பங்கிலும் இருந்த ஜிஎஸ்டிஆர் 2பி ஒப்பீடு முழுக்க மல்லிகாவுக்கு. மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் அந்த அறிக்கையை நம் கொள்முதல் பதிவோடு வைத்து, எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலை அது. எல்லாம் எக்செலில் நடப்பது, எழுத்தும் நிறமும் நம் கையில். சக ஊழியருக்கு அந்த வேலை பிடிக்காது என்பதும் கூடுதல் வசதி.

வேகம்: இதில்தான் நானும் மாட்டினேன்

வேகம் பற்றிய வரி ஆதாரத்தோடு எழுதப்பட்டது. சரக்கு பெற்ற குறிப்பு போட்ட மூன்று வேலைநாளுக்குள் பில் கணக்கில் ஏற வேண்டும், நூற்றுக்கு 85 பில்லாவது அப்படி ஏற வேண்டும் என்பது எங்கள் இலக்கு. வெறும் வசதிக்காக வைத்த இலக்கு அல்ல. குறு, சிறு சப்ளையர்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். பில் கணக்கில் ஏறத் தாமதமானால் அந்தக் கெடு முழுக்கத் தள்ளாடும். மல்லிகாவின் வருடச் சராசரி 79.

சராசரியை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 72. டிசம்பர் முதல் மார்ச் வரை 94.

நடுவில் என்ன நடந்தது என்று தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஜூன் மாதமே மல்லிகா எனக்கு மெயில் அனுப்பியிருந்தார்: திரை கண்ணைக் கூசுகிறது, வாட்ஸ்ஆப் போட்டோவாக வரும் பில்கள் சரியாகத் தெரியவில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்று. நான் என்ன செய்தேன்? பார்வைக் குறைபாடு என்றால் எழுத்து பெரிதாக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து 27 அங்குலத் திரை ஒன்று வாங்கி வைத்தேன். அவரைக் கேட்கவில்லை. வாங்கி வைத்த அன்று போட்டோ கூட எடுத்தோம்.

இந்தக் குறைபாட்டில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். நடுவில் இருப்பது ஓரளவு தெளிவாகத் தெரியும், ஆனால் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. அந்தக் குழாய்க்குள் எழுத்தைப் பெரிதாக்கினால் தெரிவது குறையத்தான் செய்யும். முன்பு ஒரே பார்வையில் அடங்கிய வரி இப்போது அடங்காது. பெரிய திரை வந்தபின் மல்லிகா தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி வேலை செய்ததை எல்லோரும் பார்த்தோம். இடது ஓரத்தில் சப்ளையர் பெயரைப் பார்த்துவிட்டு வலது ஓரத்தில் தொகைக்குப் போவதற்குள் ஒரு வரி கீழே இறங்கிவிடுவார். செப்டம்பரில் வேகம் இன்னும் விழுந்தது. “இவ்வளவு பெரிய திரை வாங்கிக் கொடுத்தும்...” என்று ஒரு பேச்சும் கிளம்பியது. ஏற்பாடு செய்தபின் வேலை முன்னைவிட மோசமானால், ஆளைச் சந்தேகிக்கும் முன் ஏற்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

நவம்பரில்தான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே விஷயம் தெரிந்தது. அவர் Ctrl+Alt+I அழுத்தி, விண்டோஸ் உருப்பெருக்கியில் நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து.

“இதுல படிக்கலாம் மேடம், கூசாது. ஆனா போட்டோல வர பில்லு இதுல சாம்பல் கலராப் போயிடுது.”

“பெரிய திரை?”

“அது வேணாம் மேடம். பழசே போதும். நீங்க வாங்கிக் குடுத்தீங்களேன்னு சொல்லல.”

பழைய 22 அங்குலத் திரை மறுபடியும் வந்தது. ஜன்னலுக்கு எதிரே இருந்த மேசையைத் திருப்பிப் போட்டோம். சப்ளையர்களிடம் போட்டோ வேண்டாம், கணினியில் உருவான பிடிஎஃப்பையே மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்டோம், பெரும்பாலோர் ஒரே வாரத்தில் மாறினார்கள். மாறாதவர்களின் தாள் பில்களை ஸ்டோரில் ஏற்கெனவே இருந்த ஸ்கேனரில் எடுத்து, எழுத்தைப் படிக்கும் வசதியோடு சேமித்தோம். வேலை நேரம் காலை ஏழரையிலிருந்து மாலை நான்கு என்றானது, காலை ஷிப்டு வேனிலேயே வந்துவிடலாம். புதிதாகச் செலவு என்று எதுவும் இல்லை. செலவானது எல்லாம் ஆகஸ்டில் நான் வாங்கிய திரைக்குத்தான்.

எட்டு மாதத்தை என்ன செய்வது

மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி. “எல்லாருக்கும் பன்னிரண்டு மாசம், இவங்களுக்கு மட்டும் நாலு மாசமா? மத்தவங்க கேக்க மாட்டாங்களா?”

வருடச் சராசரியை அப்படியே எடுத்தால் 79, இலக்குக்குக் கீழே. ஆனால் அந்த எண் அளப்பது பாதி மல்லிகாவை, பாதி என்னை. ஏற்பாடு கேட்டது ஜூனில், சரியானது கிடைத்தது டிசம்பரில். அந்தத் தாமதத்துக்கான தண்டனை அவர் சம்பளத்தில் விழக் கூடாது. எட்டு மாதத்தையும் முழுக்கத் தள்ளிவிடலாமா என்றால் அதுவும் சரியில்லை. அந்த எட்டு மாதத்தில் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளும் நடந்தன. அவற்றில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு.

ஆகவே அளவு வாரியாகப் பிரித்தோம். திரையும் ஆவணமும் தடையாக இருந்தது வேகத்துக்கு மட்டும், அதனால் வேகத்தை டிசம்பர் முதல் மார்ச் வரைக்கான எண்ணை வைத்து மதிப்பிட்டோம். மாத முடிவுப் பட்டியலுக்கு முழு வருடம். ஒப்பீட்டு வேலை டிசம்பரில்தான் கைமாறியது என்பதால் அதற்கு நான்கு மாதம். இலக்கு மாறவில்லை, எல்லோருக்கும் அதே 85. மேலாளருக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: எல்லைக்கோட்டை நகர்த்தவில்லை, ஓடும் பாதையில் கிடந்த கல்லை எடுத்தபின் கடிகாரத்தைத் தொடங்குகிறோம்.

ஆனால் நான்கு மாத எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இரண்டு விஷயத்தைச் சரிபார்த்தேன். அந்த மாதங்களில் பில் வரத்து குறைந்து வேலை லேசாகியிருந்ததா? இல்லை, மார்ச்சில்தான் வருடத்திலேயே அதிகம். லாரி ரசீது போனதால்தான் வேகம் கூடியதா? லாரி ரசீது ஆகஸ்டிலேயே போய்விட்டது, செப்டம்பரில் வேகம் ஏறவில்லை, இறங்கியது. ஆகவே 94 என்பது திரையும் ஆவணமும் நேரமும் சரியானதன் எண்தான் என்று தைரியமாக எழுதலாம்.

சட்டம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்ற சொல்லின் விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. அளவுக்கு மீறிய சுமையாகாத, அந்தக் குறிப்பிட்ட ஆளுக்குத் தேவையான மாற்றம் என்பது அதன் சாரம். 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டித்தான்: ஏற்பாடு என்பது ஆளுக்கு ஆள் மாறும், சம்பந்தப்பட்டவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 27 அங்குலத் திரையை வாங்கும் முன் அதைப் படித்திருக்கலாம்.

பிழைகள், அல்லது இரக்கம் மறைத்தது

துல்லியம் என்ற அளவில் முதல் படிவம் மூன்று போட்டிருந்தது, விளக்கம் இல்லாமல். நான் ஏப்ரல்–நவம்பரிலிருந்து 200 பில், டிசம்பர்–மார்ச்சிலிருந்து 200 பில் எடுத்து உள்தணிக்கை ஆளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பிழை எத்தனை என்பதோடு, என்ன வகை என்றும் கேட்டேன். வகைதான் முக்கியம்.

முதல் 200இல் ஒன்பது பிழை. அதில் ஐந்து, போட்டோ பில்லில் எண்ணைத் தவறாகப் படித்தவை, 3 இருந்த இடத்தில் 8. நான்கு, சப்ளையருக்குப் பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ்ஸின் பிரிவைத் தவறாகப் போட்டவை. இரண்டாவது 200இல் ஆறு பிழை. எண் தவறு ஒன்றே ஒன்று. டிடிஎஸ் தவறு ஐந்து.

இதைப் பார்த்ததும் மேலாளர் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார். பிடிஎஃப் வந்ததும் எண் பிழை போய்விட்டது. டிடிஎஸ் பிழை போகவில்லை, அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. மெஷின் பழுதுபார்ப்பு பில்லில் ஒப்பந்த வேலைக்கான பிடித்தமா, தொழில்நுட்பச் சேவைக்கான பிடித்தமா, தொழில்முறைச் சேவைக்கான பத்து சதவீதமா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

தெரியும். மாதாமாதம் 7ஆம் தேதிக்கு முன் டிடிஎஸ் கட்டும்போது அவரே கண்டுபிடித்து, அவரே திருத்திக்கொண்டிருந்தார். மல்லிகாவிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. “பாவம், ஏற்கெனவே கஷ்டப்படுறாங்க, இதை வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்.” சக ஊழியரிடம் இதே தவறு நடந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுவாராம். சக ஊழியரின் 200 பில்லில் ஐந்து பிழை இருந்தது, அதில் டிடிஎஸ் இரண்டுதான்.

குறைத்துப் போட்ட வேக மதிப்பெண்ணைவிட எனக்கு இது பெரிய தவறாகப் பட்டது. அந்த மதிப்பெண்ணை ஒரு கையெழுத்தில் சரிசெய்யலாம். ஒரு வருடம் சொல்லாமல் விட்ட திருத்தத்தைத் திருப்பித் தர முடியாது.

கணக்குப் போடும்போது, போட்டோ பில்லால் வந்த ஐந்து எண் பிழைகளை மட்டும் ஒதுக்கினோம். டிடிஎஸ் பிழை ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. 400 பில்லுக்குப் பத்து, அதாவது நூற்றுக்கு இரண்டரை. எங்கள் அட்டவணைப்படி அதற்கு மூன்று மதிப்பெண். சக ஊழியருக்கும் அதே இரண்டரை, அதே மூன்று.

புதிய படிவம்

வேகம் 4, துல்லியம் 3, மாத முடிவு 4, ஒப்பீடு 4. வேகத்துக்கு நாற்பது சதவீத எடை, துல்லியத்துக்கு முப்பது, மற்ற இரண்டுக்கும் பதினைந்து பதினைந்து. மொத்தம் 3.7. “சிரமப்பட்டு”, “குறைபாடு இருந்தும்” ஆகிய சொற்கள் படிவத்தில் இல்லை. நோயின் பெயரும் இல்லை, அது தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைப் பார்க்க மேலாளருக்கே அனுமதி தேவை. படிவத்தில் இருப்பது திரை, ஆவண வடிவம், வேலை நேரம், பணி மாற்றம் என்ற நான்கு ஏற்பாடுகளும் அவை தொடங்கிய தேதியும். ஏற்பாடு தாமதமானது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒரு வரி. அதே வரி என் அப்ரைசலிலும் போயிற்று, என் மேலாளர் கேட்காமலே நான் சேர்த்தேன். சக ஊழியரின் படிவத்திலும் லாரி ரசீதைச் சேர்த்தோம். இல்லாவிட்டால் அவர் வேகம் குறைந்ததற்குக் காரணம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

ஒரு வரிக்கு மட்டும் மேலாளரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பில் பகுதிக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகும்போது மல்லிகாவைப் பரிசீலிக்கலாமா என்ற கட்டத்தில் அவர் “இல்லை” என்று எழுதியிருந்தார். காரணம், இந்தக் குறைபாடு நாளாக ஆகக் கூடும், இரண்டு வருஷத்தில் எப்படி இருக்குமோ. கூடும் என்பது உண்மை. எவ்வளவு, எப்போது என்று மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, கணக்கு மேலாளர் எப்படிச் சொல்வார்? அப்ரைசல் போன வருடத்துக்கானது, வரப்போகும் கண்ணுக்கானது அல்ல. அதற்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்பாடுகளை மறுபார்வை செய்வது என்று எழுதினோம். தலைமைப் பொறுப்புக்கு “டிடிஎஸ் பயிற்சிக்குப் பின் பரிசீலிக்கலாம்” என்று ஆனது. சக ஊழியர் படிவத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

பேச்சுவார்த்தைக்கு இரண்டு நாள் முன்பே படிவத்தை வேர்டு கோப்பாக மல்லிகாவுக்கு அனுப்பினோம். எங்கள் வழக்கமான அச்சுப் படிவம் வெளிர் சாம்பல் நிறத்தில் நகலெடுத்துத் தேய்ந்துபோனது, அதைக் கையில் கொடுத்து “படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க” என்று சொல்வது எங்கள் ஊர் அலுவலகங்களில் சகஜம். அறையில் ஜன்னல் அவர் முதுகுப் பக்கம் வருமாறு நாற்காலியைப் போட்டோம்.

அவர் படிவத்தை முன்பே படித்துவிட்டுத்தான் வந்தார். வேகம், பட்டியல் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. டிடிஎஸ் வரியில் நின்றார். முகம் சிவந்துவிட்டது.

“ஒரு வருஷமா தப்பாப் போட்டுட்டு இருந்திருக்கேன். ஏன் சார் சொல்லல?”

மேலாளர் மேசையைப் பார்த்தார். “கஷ்டப்படுவீங்கன்னு...”

“இப்ப கஷ்டமா இல்லையா சார்?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே கேட்டார், பயிற்சி எப்போது, யார் நடத்துவார்கள், நோட்டை முன்கூட்டியே மெயிலில் தருவார்களா என்று. மே மாதம் இரண்டு அரைநாள் நடந்தது. மேலாளரே நடத்தினார், பில் பகுதியில் இருக்கும் இருவருக்கும் சேர்த்து. எங்கள் பழைய பில்கள் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிரிவு, ஏன் என்று பேசினார்கள்.

ஜூலையில் மறுபடி 200 பில் எடுத்துப் பார்த்தோம். மல்லிகாவிடம் டிடிஎஸ் பிழை ஒன்று. 27 அங்குலத் திரை இப்போது டிஸ்பாட்ச் மேசையில் இருக்கிறது.